எக்கோவைப் படித்தவரின் கையெழுத்து

வளைகுடாவில் ஈட்டிய நற்பெயரில் எவ்வளவு நாஞ்சில் நாட்டுக்குத் திரும்பி வருகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தொழில்நுட்பப் பணியாளர்களுள், பற்றவைப்பவர்களுக்கும் குழாய் பொருத்துநர்களுக்கும் அடுத்தபடியாக, பெயர் அதிகம் வெளியே தெரியாத ஒரு பிரிவினர் உண்டு. இரும்புத் தகட்டையோ குழாயையோ வெட்டாமல், உடைக்காமல், அதன் உள்ளே உள்ள பழுதைக் கண்டறிந்து சொல்வது இவர்களின் வேலை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்.டி.டி. என்று தொழிலிடங்களில் வழங்கப்படும் இத்துறையைத் தமிழில் சேதமில்லாச் சோதனை எனலாம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதற்கென நடத்தப்படும் பயிற்சி நிலையங்களும், கோணம் பகுதியில் உள்ள அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போன்ற நிறுவனங்களிலிருந்து படித்து வெளிவரும் இளைஞர்களும், உள்ளூரில் கனரகத் தொழிற்சாலைகள் இல்லாத நிலையும் சேர்ந்து இத்துறையை இம்மாவட்டத்துக்கு உரிய வெளிநாட்டு வேலைகளுள் ஒன்றாக ஆக்கியிருக்கின்றன.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்த இத்தகைய பணியாளர், ஊருக்குத் திரும்பிச் சொந்தமாக ஒரு சோதனை நிறுவனம் தொடங்க எண்ணுவது இயல்பு. கடை வைப்பவர் சரக்கை விற்கிறார். பட்டறை வைப்பவர் செய்பொருளை விற்கிறார். சோதனை நிறுவனம் விற்பதோ அறிக்கையின் அடியில் இடப்படும் ஒரு கையெழுத்தை மட்டுமே. அக்கையெழுத்தை நம்பி ஒரு கொதிகலனிலோ எண்ணெய்க் குழாயிலோ அழுத்தம் ஏற்றப்படுகிறது. ஆகவே, வெளிநாட்டில் சேர்த்த பணத்தைவிட, அக்கையெழுத்துக்கு அங்கே உண்டான மதிப்பில் எந்தப் பகுதி ஊருக்கு வரும், எந்தப் பகுதி விமான நிலையத்திலேயே நின்றுவிடும் என்பதுதான் இத்தொழிலின் முதல் கணக்கு.

நம்பிக்கை உருவாகும் இடம்

இத்துறையின் முறைகளுள் மீயொலிச் சோதனை, அதாவது யு.டி., பணியாளரின் தனித்திறனை அதிகம் சார்ந்தது. காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை ஒரு சிறு கருவிமுனை, அதாவது புரோப், சாய்வான கோணத்தில் இரும்புக்குள் செலுத்துகிறது. உள்ளே வெடிப்போ இடைவெளியோ இருந்தால் ஒலி அதில் பட்டு எதிரொலித்துத் திரும்புகிறது. திரையில் அது ஒரு மேடாக எழுகிறது. தொழிலிடத்தில் எக்கோ என்று சொல்லப்படும் அந்த மேடு எங்கிருந்து வந்தது என்பதைத் திரை சொல்வதில்லை. அதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் பணியாளரே.

20 மி.மீ. கனமுள்ள இரு தகடுகள் பற்றவைக்கப்பட்டிருப்பதாகவும், 60 பாகைக் கோணமுள்ள புரோப்பால் அந்த இணைப்பைச் சோதிப்பதாகவும் கொள்வோம். ஒலி சாய்வாகச் சென்று தகட்டின் அடிப்பரப்பைத் தொடும்போது 40 மி.மீ. தூரம் கடந்திருக்கும். பற்றவைப்பின் அடிவேர், அதாவது ரூட் எனப்படும் பகுதி, அங்கேதான் இருக்கிறது. அங்கே இரு தகடுகளின் விளிம்புகளும் முழுதாக உருகிச் சேராமல் விட்டிருந்தால் 40 மி.மீ. அளவில் வலுவான எக்கோ எழும்; அது தள்ளுபடி செய்யப்பட வேண்டிய பழுது. ஆனால், நன்றாக உருகிய உலோகம் அடிப்பக்கம் சற்றே புடைத்து நிற்பதும் வழக்கமே. அப்புடைப்பின் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒலி இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாகப் பயணம் செய்து ஏறத்தாழ 43 மி.மீ. அளவில் எக்கோவைத் தரும். அது பழுதே அன்று. இவ்விரண்டையும் பிரிக்கும் இடைவெளி மூன்று மி.மீட்டர்தான்.

புரோப்பின் அடிப்பகுதி நெகிழியால் ஆனது; கரடுமுரடான இரும்பின்மேல் நாள் முழுதும் தேய்க்கப்படும்போது அது ஒரு பக்கமாகத் தேயும். அத்தேய்மானத்தால் கோணம் 60 பாகையிலிருந்து 62 பாகையாக மாறிவிட்டால், ஒலி அடிவேரை அடையக் கடக்கும் தூரம் 40 மி.மீட்டரிலிருந்து 42.6 மி.மீட்டராகக் கூடிவிடும். கோணம் மாறியதை அறியாத பணியாளர், உருகிச் சேராத அடிவேரிலிருந்து வந்த எக்கோவைப் பழைய கணக்கில் வைத்துப் பார்த்து, அது தகட்டுக்கு வெளியே 21.3 மி.மீ. ஆழத்திலிருந்து வருகிறது, ஆகவே புடைப்புதான் என்று முடிவுசெய்து, பழுதான இணைப்பைத் தேர்ச்சி பெற்றதாக எழுதிவிடுவார்.

இப்பிழையை அங்கேயே கண்டுகொள்ள வழி உண்டு. புடைப்பிலிருந்து வரும் எக்கோ, பற்றவைப்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபுறத்தில் அமைவதாகக் கணக்கில் வரும். இணைப்பின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது அப்பக்கத்துக்கு மறுபுறத்திலேயே விழும். மேலே சொன்ன எக்கோவோ நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. ஆழத்தின் கணக்கு புடைப்பு என்கிறது. கிடைத்தூரத்தின் கணக்கு இல்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போது அவசரக்காரர் தமக்கு வசதியானதை எடுத்துக்கொள்கிறார். தேர்ந்தவரோ வேலையை நிறுத்திவிட்டு, கோணத்தைச் சரிபார்ப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்ட எஃகுக் கட்டைக்குத் திரும்பிப் போய், புரோப்பின் உண்மைக் கோணத்தை அளந்து, கடைசியாகச் சரிபார்த்த நேரத்துக்குப் பிறகு தாம் சோதித்த இணைப்புகள் அனைத்தையும் மீண்டும் சோதிக்கிறார்.

நற்பெயர் பிறப்பது இந்த இடத்தில்தான். பழுது என்று அவர் குறித்த இடத்தை அரைத்துத் தோண்டும்போது, அவர் சொன்ன ஆழத்தில் பழுது இருந்தால் பட்டறை மேற்பார்வையாளர் அடுத்த முறை அவரோடு வாதிடுவதில்லை. தோண்டிய இடம் வெறுமையாக இருந்தால், சாரம் கட்டிய செலவும், மீண்டும் பற்றவைத்த நேரமும் அவர் பெயரில் எழுதப்படுகின்றன. ஓர் ஆண்டில் இப்படித் தோண்டிப் பார்க்கப்பட்ட இடங்களின் தேதி, தாம் சொன்ன ஆழம், உண்மையில் கண்ட ஆழம் ஆகியவற்றைத் தம் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைப்பவருக்கு அவருடைய திறனைப் பற்றிய நேர்மையான கணக்கு ஒன்று கிடைக்கிறது. ஆனால் நிறுவனத்தின் வரைபடங்களையும் அறிக்கைகளையும் படியெடுத்து வருவது ஒப்பந்த மீறலாகிவிடும் என்பதால், அக்குறிப்பில் திட்டத்தின் விவரங்கள் இடம்பெறலாகாது.

எந்தத் தாள் யாருக்குச் சொந்தம்

வளைகுடாவில் பணிபுரியும் பெரும்பாலானோரின் கையில் இருப்பது, எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்னும் பரிந்துரை ஆவணத்தின் அடிப்படையில் வழங்கப்பட்ட லெவல் 2 சான்றிதழ். 1941-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சேதமில்லாச் சோதனைச் சங்கம் வெளியிடும் அவ்வாவணம், பணியாளர்களை லெவல் 1, 2, 3 என மூன்றாகப் பிரிக்கிறது. லெவல் 1 பிறர் மேற்பார்வையில் சோதிப்பவர். லெவல் 2 தாமே சோதித்து முடிவுகூறி அறிக்கையில் கையெழுத்திடுபவர். லெவல் 3 சோதனை முறையையே வகுத்து, மற்றவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்துபவர்.

ஊரில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி, அம்முறையில் சான்று வழங்குபவர் சங்கம் அன்று, பணியமர்த்திய நிறுவனமே என்பது. வேலையை விட்டு நீங்கும் நாளிலேயே அச்சான்று செல்லாததாகிறது. நாகர்கோவிலுக்குத் திரும்பியவரின் பெட்டியில் உள்ள அந்தத் தாள், அவர் முன்பு என்னவாக இருந்தார் என்பதற்குச் சாட்சியே தவிர, இன்று கையெழுத்திடும் உரிமை அன்று. புதிய நிறுவனம் தேர்வு வைத்து அவருக்கு மீண்டும் பழைய நிலையை வழங்கலாம்; அதற்கு, முந்தைய சான்றின் ஆதாரம் இருக்க வேண்டும்; பழைய வேலையை விட்ட 6 மாதங்களுக்குள் அம்மறுசான்று நடைபெறவும் வேண்டும். அக்காலம் கடந்துவிட்டால், லெவல் 3 வல்லுநர் தேவையெனக் கருதும் கூடுதல் பயிற்சியைப் பெற்றே திரும்ப வேண்டியிருக்கும். ஊருக்கு வந்து, வீட்டைக் கட்டி முடித்து, தங்கையின் கல்யாணத்தையும் நடத்திவிட்டு, அதன்பிறகு தொழிலைப் பார்க்கலாம் என்று ஓராண்டைக் கழிப்பவர் தம்மை அறியாமலேயே ஒரு படி இறங்கிவிடுகிறார்.

அனுபவத்தையும் இதேபோல் தாளில் நிறுவ வேண்டும். மீயொலிச் சோதனையில் லெவல் 1-க்கு 210 மணி நேரமும், அதன்மேல் லெவல் 2-க்கு 630 மணி நேரமும் செய்முறை அனுபவம் வேண்டும் என்று அவ்வாவணம் பரிந்துரைக்கிறது. பத்தாண்டு உழைத்தவருக்கு இது சிறு அளவே. ஆயினும், எந்த முறையில் எத்தனை மணி நேரம் என்று பிரித்து, நிறுவனத்தின் லெவல் 3 வல்லுநர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாவிடில், அப்பத்தாண்டு வெறும் வாய்மொழியாகவே நிற்கும். வெளிநாட்டு நிறுவனங்கள் பெயர் மாறுவதும், இணைவதும், மூடப்படுவதும் உண்டென்பதால், விட்டு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டுப் பெறலாம் என்னும் எண்ணம் பல நேரங்களில் பொய்க்கிறது. அக்கடிதத்தைப் பணியில் இருக்கும்போதே, ஒவ்வோர் ஒப்பந்தம் முடியும்போதும் பெறுவதே முறை.

பணியாளருக்கே சொந்தமான சான்றுகளும் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 9712 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி சுயேச்சையான சான்றளிப்பு அமைப்பு ஒன்று தேர்வு நடத்தி வழங்கும் சான்று ஒருவகை; அமெரிக்கச் சங்கமே நேரடியாகத் தேர்வு நடத்தி வழங்கும் லெவல் 3 சான்று மற்றொருவகை. இரண்டாவதற்கு, பொது அடிப்படைத் தேர்வு ஒன்றும் அந்தந்த முறைக்கான தேர்வும் எழுத வேண்டும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை மாறினாலும் நாடு மாறினாலும் அது அவருடனேயே வரும். சோதனை நிறுவனம் தொடங்க நினைப்பவருக்கு இதில் வேறொரு பயனும் உண்டு. எந்த நிறுவனமும் தன் பணியாளர்களுக்குச் சான்றளிக்கும் விதத்தை எழுத்தில் வகுத்து வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு லெவல் 3 வல்லுநர் கட்டாயம் தேவை. தொடங்குபவரே அவ்வல்லுநராக இருந்தால், வெளியாள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்த வேண்டியதில்லை. ஊர் இளைஞர்களைத் தாமே பயிற்றுவித்து லெவல் 1, 2 ஆக்கவும் முடியும். தேர்வுக் கட்டணத்தைக் கட்ட வருமானம் இருக்கும்போதே, படித்ததை மறுநாளே களத்தில் சரிபார்க்க வாய்ப்பு இருக்கும்போதே அதை எழுதிவிட வேண்டும் என்று இத்துறையினர் வற்புறுத்துவது இதனால்தான்.

நினைவில் வைத்திருப்பவர்கள் யார்

தாள்கள் கதவைத் திறக்கும். வேலையைக் கொடுப்பவர்கள் மனிதர்கள். வளைகுடாவில் ஒரு சோதனைப் பணியாளரைச் சுற்றி மூவகை மனிதர்கள் இருக்கின்றனர். முதலாமவர் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர். அவருடைய பாராட்டுக்கு அங்கே எடை அதிகம். ஆனால் அவர் இந்தியாவில் யாருக்கும் வேலை ஒதுக்கும் நிலையில் இல்லை. இரண்டாமவர் மூன்றாம் தரப்பு ஆய்வாளர், அதாவது உரிமையாளரையும் ஒப்பந்ததாரரையும் சாராமல் சோதனைகளைச் சாட்சியாக நின்று பார்த்துக் கையெழுத்திடும் பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தின் பிரதிநிதி. டி.யு.வி., பியூரோ வெரிட்டாஸ், லாயிட்ஸ் போன்ற அந்நிறுவனங்கள் இந்தியாவிலும் இயங்குகின்றன. மூன்றாமவர் ஒப்பந்த நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். அவர் பெரும்பாலும் இந்தியர். லார்சன் அண்டு டூப்ரோ போன்ற நிறுவனங்கள் வளைகுடாவிலும் பணிசெய்து, குஜராத்தின் ஹசிராவிலும் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் கட்டமைப்புப் பட்டறைகள் வைத்திருப்பதால், இன்று பாலைவனத்தில் அறிக்கையை வாங்கிப் பார்க்கும் பொறியாளர் சில ஆண்டுகளில் இந்தியாவில் துணை ஒப்பந்தங்களைப் பரிந்துரைக்கும் இருக்கையில் இருக்கக்கூடும்.

ஆகவே, ஊரில் தொழில் தொடங்க எண்ணுபவருக்குப் பயன்படும் தொடர்புகள் பதவியால் உயர்ந்தவர்களிடம் அல்ல, திரும்பி வரப் போகிறவர்களிடம் உள்ளன. அவர்களின் நினைவில் இடம்பெற விருந்தும் பரிசும் உதவுவதில்லை. புரோப்பின் கோணம் மாறிவிட்டதைத் தாமே கண்டுபிடித்து, தாம் ஏற்கெனவே கையெழுத்திட்ட அறிக்கைகளைத் திரும்பப் பெற்று, மறுசோதனை செய்து கொடுத்தவரை அப்பொறியாளர் மறப்பதில்லை. ஏனெனில் அந்த ஒரு நாள் தாமதம் அவருடைய திட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

இதில் ஓர் எல்லையும் உண்டு. வளைகுடா நாடுகளில் பணி விசா ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. 2020-இல் கத்தாரும் 2021-இல் சவூதி அரேபியாவும் வேலை மாறும் விதிகளைத் தளர்த்தியிருந்தாலும், ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டே உரிய அனுமதியின்றிப் பிறருக்குப் பக்கவேலை செய்வது சட்டமீறலாகவே நீடிக்கிறது. தற்போதைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் தம் வருங்கால நிறுவனத்துக்காகப் பேசுவதும் நம்பிக்கைத் துரோகமாகக் கருதப்படும். வேலையைச் செம்மையாகச் செய்வதன் வழியாகவே தொடர்பு வளர வேண்டும். விலைப்பட்டியல் ஊருக்கு வந்தபின் அனுப்பப்பட வேண்டும்.

ஊரில் கிடைக்கும் வேலை

வரைபடத்தைப் பார்த்தால் வாய்ப்பு மிகுதியாகத் தோன்றும். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் மாவட்ட எல்லையை ஒட்டி உள்ளது. கூடங்குளம் அணுமின் நிலையமும் அருகிலேயே உள்ளது. ஆனால் அருகில் இருப்பது எளிதில் கிட்டுவதாகாது. அணுசக்தி, விண்வெளி ஆகிய இரு துறைகளும் தம் தர உறுதிப் பிரிவின் ஒப்புதலின்றி எந்தச் சோதனையாளரையும் ஏற்பதில்லை. மேலும், ரஷ்ய வடிவமைப்பில் அமைந்த கூடங்குளத்தின் அணு உலைப் பகுதிகளுக்கு ரஷ்ய நெறிமுறைகள் பொருந்துகின்றன. வளைகுடாவில் அமெரிக்க நெறிமுறைகளில் பழகியவர், எந்த அளவு பழுதை ஏற்கலாம், எதைத் தள்ள வேண்டும் என்னும் பாடத்தை அங்கே புதிதாகப் படிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளின் வருமானம் பெரும்பாலும் கொதிகலன் பட்டறைகள் செறிந்த திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி, கொச்சி ஆகிய இடங்களிலிருந்தே வரக்கூடும்; நாகர்கோவில் அலுவலகத்தின் முகவரியாக மட்டுமே இருக்கும்.

மாவட்டத்துக்குள்ளேயே வளரக்கூடிய வேலை ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழல்கிறது. முப்பந்தல் பகுதியில் 1990-களில் நிறுவப்பட்ட காற்றாலைகள் வயது முதிர்ந்துவிட்டன. பழையவற்றை மாற்றுதல், புதுப்பித்தல், ஆயுள் நீட்டித்தல் ஆகியவற்றுக்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்டது. ஒரு காற்றாலையை மேலும் சில ஆண்டுகள் ஓட்டலாமா என்று முடிவுசெய்ய, கோபுரத்தின் பற்றவைப்புகளையும், அதை அடித்தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும், பற்சக்கரங்களையும் சோதிக்க வேண்டும். போல்ட்டின் தலையில் புரோப்பை வைத்து, மண்ணுக்குள்ளோ இணைப்புக்குள்ளோ மறைந்த வெடிப்பைக் கழற்றாமலேயே காணலாம். இவ்வேலைக்கு ஒரு பருவக் கணக்கும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை எந்த உரிமையாளரும் காற்றாலையை நிறுத்த இசைய மாட்டார். சோதனைக்கு எஞ்சுவது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள். வளைகுடாச் சுத்திகரிப்பு ஆலைகள் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் ஷட்டவுன் காலமும் பெரும்பாலும் அதே குளிர்மாதங்களே. ஆகவே, ஊரில் நிறுவனமும் ஆண்டுதோறும் குறுகியகால வெளிநாட்டு ஒப்பந்தமும் என்று இரண்டிலும் கால் வைப்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அழைப்பு விடுக்கும்.

கதிர்ப்படத்தின் செலவு

கதிர்ப்படச் சோதனை, அதாவது எக்ஸ்ரே போன்ற முறையில் பற்றவைப்பைப் படமெடுத்தல், வளைகுடாவில் அன்றாட வேலை என்பதால் அதையே முதலில் தொடங்கப் பலர் எண்ணுகின்றனர். அதற்குப் பயன்படும் இரிடியம்-192 என்னும் கதிரியக்க மூலம் ஏறத்தாழ 74 நாட்களில் தன் வலிமையில் பாதியை இழக்கிறது. 40 கியூரி அளவில் வாங்கப்படும் மூலம், ஐந்து மாதங்களுக்குள் 10 கியூரியாகக் குறைகிறது. ஒரு நிமிடத்தில் எடுத்த படத்துக்கு நான்கு நிமிடம் தேவைப்படுகிறது. வேலை வந்தாலும் வராவிட்டாலும் அது தேய்ந்துகொண்டே இருக்கும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பிடம், கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர், இந்தியாவில் அதற்கெனத் தகுதிபெற்ற பணியாளர்கள் ஆகியவை இருந்தால்தான் அதை வைத்திருக்கவே முடியும். வெளிநாட்டில் எத்தனை ஆயிரம் படம் எடுத்திருந்தாலும் இத்தேவைகளுள் ஒன்றும் குறையாது. மாதந்தோறும் நிலையான வேலைக்கு உறுதி கிடைக்கும்வரை, மீயொலி, காந்தத்துகள், சாய ஊடுருவல் ஆகிய முறைகளோடு நிற்பதும், கதிர்ப்படம் தேவைப்படும்போது உரிமம் பெற்ற நிறுவனத்திடம் அப்பகுதியை ஒப்படைப்பதும் நிதானமான வழி.

கேட்காத சோதனைக்குக் கையெழுத்து

புதிய நிறுவனத்தின் உண்மையான சோதனை ஊரில்தான் தொடங்குகிறது. வளைகுடாவில் அறிக்கையின் பின்னால் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர் நின்றுகொண்டிருப்பார். ஊரிலோ, பணம் கொடுப்பவரும் தம் வேலை தேர்ச்சி பெற வேண்டும் என்று விரும்புபவரும் ஒரே பட்டறை உரிமையாளர். பல நேரங்களில் அவர் உறவினராகவும் இருப்பார். பொருளை அனுப்பத் தாள் மட்டும் போதும், சோதனை வேண்டாம் என்னும் வேண்டுகோள் முதல் ஆண்டிலேயே வந்து சேரும்.

அவ்வாறு எழுதப்பட்ட அறிக்கையை அனுபவமுள்ள ஆய்வாளர் எளிதில் இனங்காண்பார். அதில் புரோப்பின் வரிசை எண்ணும் கோணத்தைச் சரிபார்த்த நேரமும் இருக்காது. இணைப்புகள் அனைத்தும் ஒரே சொல்லில் தேர்ச்சி பெற்றிருக்கும். ஒரே ஆள் ஒரே நாளில் செய்ய இயலாத எண்ணிக்கை அதில் இருக்கும். பழுதில்லாத எக்கோக்களைப் பற்றிய குறிப்பு ஒன்றுகூட இராது. நேர்மையாகச் சோதிக்கப்பட்ட எந்தப் பற்றவைப்பிலும் புடைப்பின் எக்கோவாவது சில இடங்களில் எழாமல் இருப்பதில்லை. அத்தகைய அறிக்கை ஒன்று காட்டுப்பள்ளியிலோ கொச்சியிலோ, பாலைவனத்தில் அவரை அறிந்திருந்த பொறியாளரின் மேசைக்குப் போனால், பத்தாண்டில் சேர்ந்த மதிப்பு அத்தாளோடு மடித்து வைக்கப்பட்டுவிடும். பட்டறைக்காரருக்கு இழப்பு ஒரு வாரத் தாமதம். கையெழுத்திட்டவருக்கு விற்பதற்கு வேறு சரக்கு இல்லை.

முதல் ஒப்பந்தம் பெரிதாக இருப்பதும் அரிது. பழைய தொட்டி ஒன்றின் தகட்டுக் கனத்தை அளந்து தரும் இரண்டு நாள் வேலையாக அது இருக்கலாம். அதைக் கொடுப்பவர், அன்று வெயிலில் ஒரு பணியாளர் வேலையை நிறுத்திவிட்டு எஃகுக் கட்டையை நோக்கித் திரும்பி நடந்ததைப் பார்த்தவராக இருந்தால், அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும்போது அவர் முதலில் தேடுவது முடிவை அன்று. கருவியைச் சரிபார்த்த நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.